டாலரில் அசையாத தங்கம், ரூபாயில் ஏறிய சவரன்

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலைப் பக்கம் நடந்தால், வெளிநாட்டுப் பணம் மாற்றித் தரும் கடைகள் கண்ணில் படும். டாலருக்கு இவ்வளவு, யூரோவுக்கு இவ்வளவு என்று எழுதி வைத்திருப்பார்கள். அங்கிருந்து பெரிய கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுக்கு வந்தால் நகைக்கடைகளில் வேறொரு பலகை தொங்கும். கிராம் இவ்வளவு, சவரன் இவ்வளவு. நகை வாங்க வருபவர்கள் இந்த இரண்டாவது பலகையை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஆனால் அதில் உள்ள எண்ணைத் தீர்மானிப்பதில் முதல் பலகைக்கும் பெரிய பங்கு உண்டு. இதைத் தெளிவாகக் காட்டிய ஆண்டு 2022.

அந்த ஆண்டு தொடங்கியபோது உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் சுமார் 1,800 டாலர். ஆண்டு முடிந்தபோதும் ஏறத்தாழ அதே 1,800 டாலர். இடையில் உக்ரைன் போர் தொடங்கியதும் 2,000 டாலரைத் தாண்டியது. இலையுதிர் காலத்தில் 1,650க்கும் கீழே இறங்கியது. ஆனால் டிசம்பருக்கு டிசம்பர் ஒப்பிட்டால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இந்தியாவிலோ அதே பன்னிரண்டு மாதங்களில் தங்கம் சுமார் 14 சதவீதம் விலை ஏறியிருந்தது.

தங்கத்தின் மதிப்பே கூடாதபோது இங்கே மட்டும் எப்படிக் கூடியது? ஒரு சவரனை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உலகச் சந்தையில் அவுன்ஸ் என்பது 31.1 கிராம். 1,800 டாலரை அதால் வகுத்தால், சுத்தத் தங்கம் கிராம் சுமார் 57.9 டாலர். 2021 முடிவில் ஒரு டாலர் ஏறத்தாழ 74 ரூபாய் 30 காசு. ஆகவே கிராமுக்கு 4,300 ரூபாய். இந்தியா தனக்கு வேண்டிய தங்கத்தை அநேகமாக முழுவதும் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. கோலார் சுரங்கம் 2001இலேயே மூடப்பட்டுவிட்டது. எனவே அடுத்து இறக்குமதி வரி. அப்போது அது 10.75 சதவீதம், சேர்த்தால் கிராம் 4,762 ரூபாய். நகைக்கான 22 காரட் என்றால் அதில் 24இல் 22 பங்குதான் தங்கம். அதன்படி குறைத்து எட்டு கிராமுக்குப் பெருக்கினால் ஒரு சவரன் ஏறத்தாழ 34,900 ரூபாய்.

இனி ஆண்டின் முடிவுக்கு வருவோம். அவுன்ஸ் விலை அதே 1,800 டாலர். ஆனால் ஒரு டாலர் வாங்க இப்போது 82 ரூபாய் 70 காசு வேண்டும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் போட்டால் சவரன் 38,900 ரூபாய் ஆகிவிடுகிறது. நான்காயிரம் ரூபாய் ஏறிவிட்டது. தங்கம் அசையவே இல்லை. அதோடு முடியவில்லை. 2022 ஜூலை தொடக்கத்தில் மத்திய அரசு இறக்குமதி வரியை 15 சதவீதமாக உயர்த்தியது. அதையும் சேர்த்தால் சவரன் 40,400 ரூபாய். அதாவது 5,500 ரூபாய் ஏற்றத்தில் ரூபாயின் சரிவு நாலாயிரம், வரி ஆயிரத்து ஐந்நூறு. இவை அடிப்படைக் கணக்குகள். கடைக்காரரின் லாபம், செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் இதற்கு மேல்.

இதே கணக்கை ஆசிரமத்துக்கு டாலரோடு வந்த ஒருவரின் கண்ணால் பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். பணம் மாற்றும் கடையின் கமிஷனை ஒதுக்கிவிடுவோம். ஆண்டின் தொடக்கத்தில் வந்தவருக்கு ஒரு சவரன் சுமார் 470 டாலர். முடிவில் வந்தவருக்கு 488 டாலர். அவருக்கு ஏறியது ஏறத்தாழ 4 சதவீதம். அது முழுக்க வரி. அதே கடையில், அதே கவுண்டரில், மகள் கல்யாணத்துக்கு நகை வாங்க நிற்கும் உள்ளூர்க்காரருக்கு ஏறியது 15 சதவீதத்துக்கும் மேல். அவருடைய சம்பளம் ரூபாயில் வருகிறது என்பது ஒன்றே வித்தியாசம்.

ரூபாய் ஏன் சரிந்தது? 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டி விகிதத்தை அமெரிக்க மத்திய வங்கி படிப்படியாக ஏற்றி, டிசம்பரில் 4.25 முதல் 4.5 சதவீதம் வரை கொண்டுபோனது. அமெரிக்கப் பத்திரங்களில் நல்ல வட்டி கிடைக்கும் என்றதும் முதலீட்டாளர்கள் இந்தியா போன்ற நாடுகளிலிருந்து பணத்தை எடுத்தார்கள். போரால் கச்சா எண்ணெய் விலை ஏற, அதை வாங்கவும் இந்தியாவுக்கு அதிக டாலர் தேவைப்பட்டது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய இடம். தங்கம் வட்டி தராத பொருள். டாலருக்கு வட்டி கூடும்போது தங்கத்தை வைத்திருப்பதில் ஆர்வம் குறையும். அதன் டாலர் விலை அழுத்தப்படும். ஆக, டாலர் விலையை ஏறவிடாமல் பிடித்து வைத்த அதே காரணம்தான் ரூபாயையும் கீழே தள்ளியது. உலகச் சந்தையில் கிடைக்கும் மலிவு இந்திய வாடிக்கையாளரின் கைக்கு வருவதற்குள் பல நேரம் கரைந்துபோவது இதனால்தான். வரி உயர்வும் தனிக்கதை அல்ல. ரூபாய் சரியும்போது டாலர் வெளியே போவதைத் தடுக்க அரசு முதலில் கை வைக்கும் பொருள்களில் தங்கம் ஒன்று. 2013இலும் இதுதான் நடந்தது. அந்த ஆண்டு வரி 4 சதவீதத்திலிருந்து படிப்படியாக 10க்குப் போனது. ஆகஸ்ட் இறுதியில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியபோது, தங்கத்தின் டாலர் விலை 2011 உச்சத்தைவிட ஏறக்குறைய கால்வாசி குறைவு. ஆனால் ரூபாய் விலை அதுவரை காணாத உச்சம்.

இலங்கையில் இது இன்னும் கொடுமையாக நடந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 இலங்கை ரூபாயை ஒட்டியிருந்த மதிப்பு, மே மாதத்தில் 360ஐ நெருங்கியது. தங்கத்தின் டாலர் விலை மாறாவிட்டாலும், இந்த ஒன்றாலேயே யாழ்ப்பாணத்தில் ஒரு பவுன் வாங்குபவர் ஏறத்தாழ 1.8 மடங்கு பணம் எண்ண வேண்டிய நிலை.

இந்தக் கணக்குக்கு எல்லையும் உண்டு. கணக்குப்படி 2022இல் இந்திய விலை 15 சதவீதத்துக்கும் சற்று மேலே ஏறியிருக்க வேண்டும். உண்மையில் ஏறியது 14. வாங்குவோர் குறையும் மாதங்களில் மொத்த வியாபாரிகள் அடக்க விலைக்கும் கீழே தள்ளுபடியில் விற்பார்கள்; முகூர்த்த மாதங்களில் கூடுதல் கேட்பார்கள். வரி ஏறினால் வரி கட்டாத கடத்தல் தங்கமும் விலையைக் கொஞ்சம் இழுக்கும். இந்த வித்தியாசம் பொதுவாக ஒன்றிரண்டு சதவீதம்தான்.

எதிர்த்திசையிலும் இந்தக் கணக்கு வேலை செய்யும். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் வரி 15இலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உலகச் சந்தையில் பெரிய அசைவு எதுவும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஒரே நாளில் சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது.

நகைச்சீட்டு கட்டுபவர்களும் கல்யாணத்துக்குச் சேர்ப்பவர்களும் பவுன் விலை ஏறியது என்று கேட்டால், அன்றைய அவுன்ஸ் விலை, டாலரின் ரூபாய் மதிப்பு, இறக்குமதி வரி ஆகிய மூன்றையும் தனித்தனியே பாருங்கள். அவுன்ஸ் விலை நிற்கிறது, டாலர் ஏறுகிறது என்றால் அது ரூபாயின் சரிவு. உலகச் சந்தையில் தங்கம் இறங்கிவிட்டது என்ற ஒரு செய்தியை மட்டும் நம்பி வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். டாலர் என்ன விலை என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.