காலியாக இருக்கும் கட்டம்

புதிய தொழிலுக்கு முதலீடு கேட்டு வருகிறவர்களின் திட்ட அறிக்கையில் ஒரு பக்கம் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். இடப்பக்கம் வசதிகளின் பட்டியல், மேலே போட்டி நிறுவனங்களின் பெயர்கள், கட்டங்களில் டிக்கும் பெருக்கல் குறியும். கடைசி வரிசை தொழில் தொடங்குகிறவருடையது. அதில் மட்டும் மேலிருந்து கீழ்வரை டிக். எந்தெந்த வசதியை ஒப்பிடுவது என்று முடிவு செய்தவரே மதிப்பெண்ணும் போட்டால் வேறு எப்படி வரும்?

அந்த அட்டவணையில் மற்றவர்களுக்குக் காலியாக இருக்கும் கட்டத்தைக் காட்டி, ‘இதுதான் சந்தையில் உள்ள இடைவெளி’ என்பார்கள். அந்தப் பொருளை யாரும் விற்கவில்லை என்பதைத்தான் காலிக் கட்டம் சொல்கிறது. அதை வாங்க ஆள் இருக்கிறதா என்பதை அது சொல்வதில்லை.

இதற்கு டாடா நானோவைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். 2008 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் ரத்தன் டாடா அதை அறிமுகப்படுத்தியபோது, காகிதத்தில் கணக்கு கச்சிதமாக இருந்தது. ஒருபக்கம் மோட்டார் சைக்கிள்கள். மறுபக்கம் சுமார் 2 லட்சம் ரூபாயில் தொடங்கும் மாருதி 800. நடுவே, ஒரு லட்சம் ரூபாய் என்ற கட்டத்தில் எந்தப் புதிய காரும் இல்லை. ஸ்கூட்டரில் நான்கு பேராக நெருக்கியடித்துப் போகும் குடும்பம் இந்தக் காரில் ஏறும் என்பதே எதிர்பார்ப்பு.

குஜராத்தின் சனந்தில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார் தயாரிக்கும் ஆலை எழுந்தது. ஆனால் விற்பனை உச்சத்தில் இருந்த 2011-12 நிதியாண்டில்கூட எண்ணிக்கை 75 ஆயிரத்தைத் தொடவில்லை. 2018-இல் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோனது. அந்த ஜூன் மாதம் முழுவதும் தயாரானது ஒரே ஒரு கார்.

அட்டவணையில் விடுபட்டது என்ன? முதலாவது, பழைய கார். கையில் ஒன்றேகால் லட்சம் வைத்திருந்த குடும்பத்துக்கு, ஓரிருவர் ஓட்டிய மாருதியும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஷோரூம் காரை ஷோரூம் காரோடு மட்டும் ஒப்பிட்ட அட்டவணையில் அதற்கு இடமில்லை. இரண்டாவது, கார் வாங்குவதற்கான காரணம். கார் என்பது போக்குவரத்து மட்டுமல்ல, தெருவில் நாலு பேர் பார்க்க நிற்கும் பொருளும்கூட. ‘மிக மலிவான கார்’ என்ற முத்திரை குத்தப்பட்டது தவறாகிவிட்டது என்று ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

எல்லாக் காலிக் கட்டமும் இப்படிப் பொய்த்துவிடுவதில்லை. 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் சைக்கிளில் கொண்டுபோய் விற்கத் தொடங்கிய நிர்மா, கிலோ மூன்றரை ரூபாய். சர்ஃப் விலை அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். மலிவான சலவைத்தூள் என்ற கட்டம் காலியாக இருந்தது. ஆனால் வாங்கவேண்டியவர்கள் ஏற்கனவே கட்டிச் சோப்புக்குத் தினமும் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தேவை கண்ணெதிரே இருந்தது.

பெரிய நிறுவனம் அந்தக் கட்டத்தை விட்டுவைத்ததற்கும் காரணம் தெளிவாகத் தெரிந்தது. அதன் ஆலைச் செலவு, விளம்பரம், விநியோகம் எல்லாம் உயர்ந்த விலையை நம்பிக் கட்டப்பட்டவை. வீட்டுக் கொல்லையில் கையால் கலந்து தயாரித்தவரின் விலைக்கு அதனால் இறங்க முடியவில்லை. வீல் என்ற பெயரில் அது மலிவுத் தூளோடு பதிலடி கொடுத்தது 1980களில்தான்.

இந்த இரண்டு கதைகளையும் கையில் வைத்துக்கொண்டு, சென்னையில் சிறுதானிய இட்லி மாவு விற்க நினைக்கும் ஒருவரின் அட்டவணையைப் பார்க்கலாம். மேலே நான்கு பாக்கெட் மாவு நிறுவனங்கள். ‘சிறுதானியம்’ என்ற கட்டம் நால்வருக்கும் காலி. முதலில் சேர்க்கவேண்டியது விடுபட்ட போட்டியாளர்களை: வீட்டு கிரைண்டர், தெருமுனை மாவுக் கடை, காலையில் இட்லியே செய்யாமல் ரொட்டியோடு முடித்துக்கொள்வது. அடுத்து, நால்வரும் ஏன் செய்யவில்லை என்று விசாரிப்பது. அவர்களில் ஒருவர் போட்டுப் பார்த்து நிறுத்தியிருந்தால், அது காலிக் கட்டமல்ல, மூடிய கடை. மாவு சீக்கிரம் புளித்ததா, விற்காமல் திரும்பி வந்ததா என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

கடைசியாக, பணம் போகும் வழி. இன்று கம்பும் வரகும் வாங்கி, ஊறவைத்து, அரைத்துச் சிரமப்படும் வீடுகள் அந்தப் பகுதியில் உண்டா? இருபது வீட்டில் கேட்டு ஏழெட்டு வீட்டிலாவது சமையலறையில் அந்தப் பொட்டலம் இருந்தால், அட்டவணை காட்டும் இடத்தில் ஆள் இருக்கிறது. ‘வந்தால் வாங்கிப் பார்ப்போம்’ என்று இருபது பேரும் சிரித்துக்கொண்டே சொன்னால், கையில் இருப்பது இன்னும் நான்கு நிறுவனங்களின் பெயர்ப் பட்டியல்தான்.