அணுவின் சாம்பல் – 7
பாறை காத்த கழிவு

குறைந்த, இடைநிலை, உயர் எனக் கழிவின் மூன்று வகைகளைச் சென்ற வாரம் பார்த்தோம். கையுறையும் துடைத்த துணியும் முதல் வகை. தடுப்புச் சுவர் கேட்கும் வடிகட்டிகளும் பிசின்களும் இரண்டாவது. தானாகவே சூடாகும் எரிந்த எரிபொருள் மூன்றாவது.

தேர்வுக்குப் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சீசியம்-137இன் அரை ஆயுள் 30 ஆண்டு. அப்படியென்றால் 60 ஆண்டில் முழுதும் போய்விடுமா?" போகாது. 30 ஆண்டில் பாதி, 60இல் கால், 90இல் அரைக்கால் மிஞ்சும். இப்படிப் பத்து முறை பாதியானால், அதாவது 300 ஆண்டில், 1,024இல் ஒரு பங்குதான் இருக்கும். அதே பத்துப் பாதியைக் கடக்கப் புளுட்டோனியம்-239க்கு 2,41,000 ஆண்டு வேண்டும்; அதன் அரை ஆயுள் 24,100 ஆண்டு.

அத்தனை காலம் எது தாங்கும்? இந்த வாரம் பின்லாந்தின் சுரங்கத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். படிக்க உட்கார்ந்தவனை ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு ஓக்லோ சுரங்கம் இழுத்துக்கொண்டது.

1972இல் பிரான்சின் பியர்லாத் ஆலையில் யுரேனியத்தை அளந்தார்கள். யுரேனியம்-235 எப்போதும் 0.7202 சதவீதம் இருக்கும், அன்று 0.7171. அணுகுண்டுக்கு உதவும் பொருள் என்பதால் துளி குறைந்தாலும் கணக்குச் சொல்லியாக வேண்டும். தாது வந்த வழியே தேடிப் போனவர்கள் ஓக்லோவில் நின்றார்கள். குறைந்த யுரேனியத்தை யாரும் திருடவில்லை. ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன், மண்ணுக்குள்ளேயே அது எரிந்திருந்தது!

எப்படி? விடை அரை ஆயுளில்தான் இருக்கிறது. யுரேனியம்-235 பாதியாக 70 கோடி ஆண்டு ஆகும். பின்னோக்கிப் போனால் அதன் பங்கு கூடும். அன்று 3 சதவீதத்துக்கும் மேல், இன்றைய அணு உலை எரிபொருள் அளவுக்கு இருந்தது. தாதுவுக்குள் ஊறிய நிலத்தடி நீர் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க, பிளவு தொடங்கியது. சூட்டில் நீர் ஆவியானதும் நின்றது. ஆறி நீர் ஊறியதும் மறுபடி தொடங்கியது. அரை மணி எரிந்து இரண்டரை மணி ஓய்ந்ததை, தாதுக்குள் சிக்கிய செனான் வாயுவை அளந்து பின்னாளில் கண்டுபிடித்தார்கள்.

அந்த உலையின் கழிவு என்னவாயிற்று? அங்கே உருவான புளுட்டோனியம் பிறந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. அங்கேயே சிதைந்து தீர்ந்தது. ஆனால் சீசியமும் ஸ்ட்ரான்சியமும் பெருமளவு வெளியேறிவிட்டன. நீண்ட ஆயுள் கொண்டதைப் பாறை பிடித்துவைத்தது. குறைந்த ஆயுள் கொண்டது நழுவியது. நழுவுவதை முதல் சில நூறு ஆண்டுகளாவது கலத்துக்குள் அடைத்துவைக்க வேண்டும்.

அந்தக் கலம்தான் பின்லாந்தின் ஓங்கலோவில் செம்பால் செய்யப்படுகிறது. சுற்றிலும் பென்டோனைட் களிமண், அதைச் சுற்றி 400 மீட்டருக்கும் கீழே பழம்பாறை. அடுத்த வாரம் அங்கே இறங்குவோம்.