துக்கச் செய்தியும் இரவு வண்டியும்

தந்தையார் காலமான செய்தி தில்லியில் உள்ளவருக்குப் பகல் 2 மணிக்குக் கிட்டுகிறதென வைத்துக்கொள்வோம். அன்றிரவுத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் தத்கால் முன்பதிவு முந்திய நாளே தொடங்கிவிட்டது; இடமிராது. ஆயினும், பயணிகள் பட்டியல் தயாரானபின் எஞ்சும் இடங்களை நிலையத்திலும் இணையத்திலும் விற்கிறார்கள். அவ்வப்போது பார்த்து வரவேண்டும். இணையத்தில் வாங்கிய காத்திருப்புச் சீட்டோ, இடம் உறுதியாகாவிடில் தானே இரத்தாகும். அதை நம்பி ஏறியவர் சீட்டில்லாதவரே.

அசல் அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும். விடுப்பு விண்ணப்பம் இரண்டு வரி போதும். இறப்புச் சான்றிதழ் ஊரில் பதிவானபின்தான் கிடைக்குமாதலால், 'பின்னர் அளிப்பேன்' என்று எழுதுக. பொதுப்பெட்டியில் ஏறத்தாழ 33 மணி நேரம் செல்ல நேரலாம். மடியில் அடங்கும் ஒரே பை எடுத்துக்கொள்க.

புறப்படுமுன், சேரும் நேரத்தை வீட்டாருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுக. உடலை அதுவரை வைத்திருப்பதா என்பதை அவர்கள் அதைக்கொண்டே முடிவுசெய்வார்கள்.