உப்பாத பேத்தை மீனை போட்டோவுல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பேத்தை மீன்னு சொன்னதும் முள்ளு முள்ளா உப்பின பந்து ஒண்ணுதான் மனசுல வரும். ஆனா மார்க்கெட் தட்டுல செத்துக் கிடக்கும்போது அது பெரும்பாலும் உப்பியிருக்காது. அதனாலதான் ஏமாந்துடுறோம்.

ஒரு மீனை எடுத்துக்குவோம். பேரு லாகோசெஃபாலஸ் செலரேட்டஸ். சூயஸ் கால்வாய் வழியா மத்தியதரைக் கடலுக்குள்ள புகுந்த பேத்தை இது. அங்க முதல்ல பதிவானது 2003-ல, துருக்கிக் கரையில. அடுத்த சில வருஷத்துலயே இஸ்ரேல்ல 13 பேர் இதைச் சாப்பிட்டு ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. போட்டோவுல பார்த்தா நீளமான உடம்பு, முதுகுல கரும்புள்ளி, பக்கவாட்டுல பளபளன்னு ஒரு வெள்ளிப் பட்டை. பயப்படுற மாதிரி எதுவுமே தெரியாது.

அதனால நிறத்தை விட்டுட்டு வாயைப் பாருங்க. மேல ரெண்டு, கீழ ரெண்டுன்னு நாலே பல், கிளி மூக்கு மாதிரி வெளிய தெரியும். அடுத்து செவுள். சாதாரண மீனுக்கு இருக்கிற பெரிய செவுள் மூடி இதுல தெரியாது. பக்கத் துடுப்புக்கு முன்னாடி சின்னக் கீறல்தான் இருக்கும். வயித்துக்குக் கீழ ஜோடித் துடுப்பு கிடையாது. முதுகுத் துடுப்பும் ஒண்ணே ஒண்ணு, வால் பக்கமா தள்ளி இருக்கும். தோல்ல வழக்கமான செதிள் இருக்காது, வயிறு தொளதொளன்னு கிடக்கும்.

நம்ம ஊர் கிளாத்திக்கும் செவுள் கீறல் சின்னதுதானே? ஆமா. ஆனா கிளாத்திக்கு முதுகு முன்பக்கம் தடிச்ச முள் நிக்கும். பேத்தைக்கு அது கிடையாது.

பெட்டி மீன் இன்னும் சுலபம். அறுகோணத் தகடுகள் ஒட்டி உடம்பே கெட்டியான பெட்டியா இருக்கும்; வாய், துடுப்பு, வால் மட்டும் ஓட்டை வழியா நீட்டிக்கிட்டு நிக்கும். இதோட தோல் சளியிலயே விஷம் இருக்கு. பேத்தை விஷம் மாதிரி இல்ல, இது வேற ரகம். இதைச் சாப்பிட்டும் ஜப்பான்ல ஆட்கள் பாதிக்கப்பட்டிருக்காங்க.

பேத்தையோட விஷத்துக்குப் பேரு டெட்ரோடோடாக்சின். வேகவச்சாலும் பொரிச்சாலும் போகாது. முதல்ல உதடும் நாக்கும் மரத்துப்போகும், அப்புறம் கைகால் தளரும், கடைசியில மூச்சுத் தசையே நின்னுடலாம். மாற்று மருந்து கிடையாது. விஷம் உடம்பை விட்டுப் போற வரைக்கும் வென்டிலேட்டர் வச்சுக் காப்பாத்தணும்.

ஆனா இந்த அடையாளம் எல்லாம் முழு மீனுக்குத்தான். 2007-ல சிகாகோவுல மாங்க்ஃபிஷ்னு லேபிள் ஒட்டி வந்த மீனை வாங்கி, வீட்டுல சூப் வச்சுக் குடிச்ச ரெண்டு பேருக்கு உடம்பு சரியில்லாம போச்சு. சோதிச்சதுல அதுல டெட்ரோடோடாக்சின் இருந்தது. தலையும் தோலும் போயிட்டா போட்டோவுல பார்க்கிறதுக்கு ஒண்ணுமே மிஞ்சாது. அதனால தெரியாத மீனைத் துண்டு போடுறதுக்கு முன்னாடி முழுசா, வாய் தெரியுற மாதிரி பார்த்துடுங்க. சாப்பிட்ட பிறகு உதடு மரத்தா, வாந்தி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. மிச்ச மீனையும் எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.