உறங்கும் மரபணுவை எழுப்பும் மருத்துவம்

1948-ல் நியூயார்க் நகரின் புரூக்ளினில் பணிபுரிந்த குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் ஒரு புதிரைக் கவனித்தார். அரிவாள் செல் ரத்தசோகை பிறக்கும்போதே வரும் மரபுநோய். ஆனால் அந்த மரபணுவோடு பிறந்த பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தில் அரிவாள்போல் வளையும் சிவப்பணுக்கள் மிகக் குறைவாகவே தென்பட்டன. குழந்தைகளுக்கு வலியும் இல்லை, ரத்தசோகையும் இல்லை. சில மாதங்கள் கழித்துத்தான் விரல்கள் வீங்கி, கை கால் தொட்டாலே குழந்தை வீறிட்டு அழும் நிலை வந்தது. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் இருக்கும் சிசு ஹீமோகுளோபின்தான் அந்தச் சில மாதங்களுக்குக் காவலாக நிற்கிறது என்று வாட்சன் கருதினார். அவர் கணித்தது சரி. அந்தக் காவலை ஆயுள் முழுக்க நீட்டிக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடித்தான் அதன் பிறகு பல தலைமுறை ஆய்வாளர்கள் உழைத்தார்கள்.

ஹீமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்த மூலக்கூறு. பெரியவர்களிடம் அது இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா சங்கிலிகளால் ஆனது. கருவில் இருக்கும் சிசுவிடம் ஆல்ஃபா அதேதான். பீட்டாவின் இடத்தில் காமா என்ற சங்கிலி இருக்கிறது. இதற்குக் காரணம் உண்டு. சிசு மூச்சு விடுவதில்லை. தாயின் ரத்தத்திலிருந்துதான் ஆக்சிஜனை வாங்கியாக வேண்டும். சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொண்டு அதன் ஆக்சிஜன் பிடியைத் தளர்த்தும் ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. காமா சங்கிலியோடு அது சரியாக ஒட்டுவதில்லை. அதனால் சிசு ஹீமோகுளோபினின் பிடி இறுகலாக இருக்கிறது. தாயின் ஹீமோகுளோபின் விடும் ஆக்சிஜனை அது பற்றிக்கொள்கிறது.

பிறக்கும்போது குழந்தையின் ஹீமோகுளோபினில் 60 முதல் 80 சதவீதம் இந்தச் சிசு வகைதான். முதல் ஆண்டுக்குள் அது பெரும்பாலும் மறைந்து, பெரியவர்களிடம் 1 சதவீத அளவுக்கு வந்துவிடுகிறது. இந்த மாற்றம் பிரசவத்தால் தூண்டப்படுவதில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தையிடமும் கருத்தரித்த நாளிலிருந்து கணக்கிட்ட வயதையொட்டியே அது நடக்கிறது. ரத்தம் செய்யும் அணுக்களுக்கு உள்ளேயே ஒரு காலக்கணக்கு ஓடுகிறது.

காமாவுக்கும் பீட்டாவுக்கும் உரிய மரபணுக்கள் 11-வது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்குச் சற்றுத் தொலைவில் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி உண்டு. டி.என்.ஏ. வளைந்து கொடுக்க, அந்தப் பகுதி ஏதாவது ஒரு மரபணுவைத் தொட்டால் அந்த மரபணு முழு வேகத்தில் வேலை செய்யும். கருவில் அது காமாவைத் தொடுகிறது. பிறந்தபின் பீட்டாவுக்கு மாறுகிறது. காமா மரபணு அப்போது அழிவதில்லை. நம் ஒவ்வொருவரின் எலும்பு மஜ்ஜையிலும் அது சேதமின்றி அப்படியே இருக்கிறது, வாய் கட்டப்பட்ட நிலையில்.

அரிவாள் செல் நோயில் கெட்டுப்போயிருப்பது பீட்டா. அந்தச் சங்கிலியின் ஆறாவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கும். ஆக்சிஜனை விட்டதும் இந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. இழைகள் அணுவை அரிவாளாக வளைக்கின்றன. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன. காமா சங்கிலி உள்ள மூலக்கூறு இந்த இழையில் சேராது. பாதி காமா, பாதி பழுதான பீட்டா என்று கலந்து உருவான மூலக்கூறும் சேராது. இழை உருவாகச் சிறிது நேரம் பிடிக்கும் என்பது இதில் முக்கியம். பழுதான ஹீமோகுளோபினின் செறிவு கொஞ்சம் குறைந்தாலே அந்த நேரம் பன்மடங்கு நீளும். அதற்குள் சிவப்பணு நுண்குழாயைக் கடந்து, நுரையீரலுக்குத் திரும்பி, மறுபடி ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டுவிடும். தலசீமியாவில் கோளாறு வேறு: பீட்டா போதாமல், துணையில்லாத ஆல்ஃபா குவிந்து அணுவை நாசமாக்குகிறது. அங்கே காமா அந்த ஆல்ஃபாவுக்குத் துணையாகச் சேர்ந்து கொள்ளும். இரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றாக இருப்பது இதனால்தான்.

இது நடக்கக்கூடியதுதானா என்பதற்கு இயற்கையே சாட்சி வைத்திருக்கிறது. சிலரது குடும்பங்களில் காமா மரபணு பிறந்தபின்னும் அடங்குவதில்லை. அவர்கள் ஆரோக்கியமாகவே வாழ்கிறார்கள். ரத்தம் முழுக்கச் சிசு ஹீமோகுளோபினாகவே இருப்பவர்கள்கூட உண்டு. அவர்களுக்கும் பெரிய தொல்லை இல்லை. அரிவாள் செல் மரபணுவோடு இந்த வழக்கத்துக்கு மாறான தன்மையும் சேர்ந்து பிறந்தவர்களிடம் சுமார் 30 சதவீதம் சிசு ஹீமோகுளோபின் இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு நோயின் அறிகுறியே தெரிவதில்லை.

ஆனால் இந்த 30 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஆய்வக அறிக்கையில் வரும் சதவீதம் லட்சக்கணக்கான அணுக்களின் சராசரி. இரண்டு நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் அறிக்கையில் 15 சதவீதம். முதலாமவரிடம் பாதி அணுக்களில் 30 சதவீதமும் மீதிப் பாதியில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் அவரது சிவப்பணுக்களில் பாதி காவலின்றி வளையும், வலியும் வரும். இரண்டாமவரிடம் எல்லா அணுவிலும் 15 சதவீதம் சீராக இருந்தால், எந்த அணுவும் முழுதாகக் கைவிடப்படவில்லை, ஆனால் எதற்கும் முழுப் பாதுகாப்பும் இல்லை. ஒரு சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிசு வகையாக இருந்தால் அந்த அணு நன்றாகத் தப்பிக்கும். சிகிச்சையின் இலக்கு அதுதான்: எத்தனை சதவீதம் என்பதோடு, அது எல்லா அணுக்களிலும் பரவியிருக்கிறதா என்பதும். இரண்டாவது கேள்விக்கு வழக்கமான அறிக்கை விடை சொல்லாது. அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனை வேண்டும்.

காமாவை எழுப்பும் மருந்துகளில் இன்றுவரை அதிகம் பயன்படுவது ஹைட்ராக்சியூரியா. அது புற்றுநோய்க்கென வந்த பழைய மருந்து. அமெரிக்காவில் 299 பெரியவர்களிடம் நடந்து 1995-ல் வெளியான ஆய்வில், இந்த மருந்தை எடுத்தவர்களுக்குக் கடும் வலி வரும் தடவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும். வெள்ளணுக்களும் தட்டணுக்களும் அளவுக்கு மீறிக் குறைகின்றனவா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சாதாரண ரத்த எண்ணிக்கை அறிக்கையிலேயே கண்டுகொள்ளலாம்: சிசு ஹீமோகுளோபின் கூடுவதோடு சிவப்பணுக்களின் சராசரி அளவும் பெரிதாகும். பெரிதாகவில்லை என்றால், பல வேளைகளில் காரணம் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகாததுதான். ஆனால் ஒழுங்காக எடுத்தும் சிலருக்குப் போதிய அளவு ஏறுவதில்லை. ஏறினாலும் எல்லா அணுக்களிலும் பரவுவதில்லை.

காமாவின் வாயைக் கட்டுவது எது என்பது வெகுகாலம் பிடிபடவில்லை. 2007, 2008-ம் ஆண்டுகளில் வழி கிடைத்தது. ஆரோக்கியமான பெரியவர்களிடமும் சிசு ஹீமோகுளோபின் ஆளுக்கு ஆள் சிறிது வேறுபடும். இத்தாலியின் சார்டீனியா தீவு மக்கள் உட்படப் பலரது மரபணுத் தொகுதியை ஒப்பிட்டபோது, வேறுபாட்டின் சுவடு 2-வது குரோமோசோமில் உள்ள பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவைக் காட்டியது. பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்க்கினின் ஆய்வகத்தில் விஜய் சங்கரன் அந்தப் புரதத்தைக் குறைத்துப் பார்த்தார், காமா எழுந்தது. பின்னர் முழு விவரமும் தெளிவானது. காமா மரபணுவுக்குச் சற்று முன்னால் டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்ற ஆறெழுத்து வரிசை இருக்கிறது. பி.சி.எல்.11ஏ அங்கே போய் அமர்ந்துகொள்கிறது. கட்டுப்பாட்டுப் பகுதி பீட்டாவுக்கு நகர்கிறது. சிசு ஹீமோகுளோபின் அடங்காத குடும்பங்கள் சிலவற்றில் எழுத்து மாறியிருந்ததும் இதே இடத்தில்தான்.

அப்படியானால் பி.சி.எல்.11ஏ-வை நீக்கிவிடலாமே என்று தோன்றும். கூடாது. மூளை வளர்ச்சிக்கும் பி-லிம்போசைட் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் உருவாவதற்கும் அந்தப் புரதம் தேவை. அதன் ஒரு பிரதி பழுதாகப் பிறந்தவர்களுக்குச் சிசு ஹீமோகுளோபின் உயர்ந்திருக்கும், கூடவே அறிவுவளர்ச்சிக் குறைபாடும் இருக்கும். வழி திறந்தது 2013-ல். பி.சி.எல்.11ஏ மரபணுவுக்குள்ளேயே, சிவப்பணுக்களில் மட்டும் அதன் வேலையைக் கூட்டும் ஒரு சிறு பகுதி இருப்பதை டேனியல் பாவர், ஆர்க்கின் குழுவினர் கண்டறிந்தார்கள். அதைக் கெடுத்தால் சிவப்பணு வரிசையில் மட்டும் அந்தப் புரதம் குறையும். மூளைக்கும் மற்ற அணுக்களுக்கும் கேடில்லை.

இதை நோயாளியிடம் செய்வது இப்படி. முதலில் பிளெரிக்சாஃபர் என்ற மருந்து கொடுத்து, மஜ்ஜையிலிருக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரச் செய்து, இயந்திரம் வழியாகப் பிரித்தெடுக்கிறார்கள். ஸ்டெம் செல் சேகரிக்க வழக்கமாகத் தரும் ஊசி அரிவாள் செல் நோயாளியின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் இந்த மாற்று. போதிய அணுக்கள் சேரச் சிலருக்கு இரண்டு மூன்று முறை இது தேவைப்படும். ஆய்வகத்தில் கிரிஸ்பர் கத்தரி அந்தச் சிறு பகுதியை வெட்டுகிறது. அணு தானாக ஒட்டும்போது சில எழுத்துகள் கூடவோ குறையவோ செய்து, அந்தப் பகுதி செயலிழக்கிறது. பிறகு புசல்ஃபான் என்ற கடும் கீமோதெரபியால் பழைய மஜ்ஜையை அழித்துவிட்டு, திருத்திய அணுக்களை ஏற்றுகிறார்கள்.

மிசிசிப்பியைச் சேர்ந்த விக்டோரியா கிரே 2019-ல் இதைப் பெற்ற முதல் அரிவாள் செல் நோயாளிகளில் ஒருவர். காஸ்ஜெவி என்ற பெயரில் இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி தந்தன. ஆய்வில் போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 30 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாதங்களாவது கடும் வலித் தாக்குதல் வரவில்லை. சிசு ஹீமோகுளோபின் 40 சதவீத அளவுக்கு உயர்ந்தது. அது ஏறக்குறைய எல்லாச் சிவப்பணுக்களிலும் பரவியிருந்தது. இது உள்ளபடியே பெரிய வெற்றி. ஆனால் கீமோதெரபியால் பிள்ளைப்பேறு இல்லாமல் போகலாம். பல வாரங்கள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். கத்தரி வேறெங்காவது தவறி வெட்டியிருக்கிறதா என்பதையும் ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டியிருக்கிறது.

நமக்கும் இது தொலைதூரச் செய்தி அல்ல. இந்தியாவில் அரிவாள் செல் மரபணு முதலில் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம். லேமன், கட்புஷ் இருவரும் 1952-ல் அதை வெளியிட்டார்கள். இந்தியாவில் காணப்படும் வகையில் சிசு ஹீமோகுளோபின் ஆப்பிரிக்க வகைகளைவிட இயல்பாகவே அதிகம். அதனால் பலருக்கு நோய் சற்று மிதம். அதையே நம்பிக் கவனிக்காமல் விடக் கூடாது. இங்கும் கடுமையாக அவதிப்படுவோர் இருக்கிறார்கள். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. பரிசோதனையில் ஒரு கண்ணி உண்டு: ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையிடம் எளிய கரைதிறன் சோதனை நோய் இல்லை என்று பொய் சொல்லலாம், சிசு ஹீமோகுளோபின் இன்னும் மிகுந்திருப்பதால். குழந்தைக்கு எச்.பி.எல்.சி. போன்ற ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் சோதனைதான் வேண்டும்.

கிரிஸ்பர் சிகிச்சை மலைக் கிராமத்துக்கு வர இன்னும் நாளாகும். ஹைட்ராக்சியூரியா மாத்திரை இன்றே உண்டு. ஒன்பது மாதக் குழந்தையிலிருந்தே அதைத் தொடங்கலாம் என்று அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. மாத்திரை தட்டுப்பாடின்றி ஊருக்கு வருவதும், மாதாமாதம் ரத்தம் பார்க்க அருகில் ஓர் ஆய்வகம் இருப்பதும்தான் இப்போது ஒரு நீலகிரிக் குழந்தையின் காமா மரபணுவை எழுப்பப்போகும் காரியங்கள். அந்த இரண்டையும் உறுதிசெய்வது அரசின் கடமை. கேட்டுப் பெறுவது நம் உரிமை.