மணி அடித்த கணத்தில் மனம்

நாள்பட்ட வலியால் அவதிப்படும் 40 பேரிடம் ஆளுக்கொரு குறிப்பேடு தரப்பட்டது. காலை 10, மாலை 4, இரவு 8 மணிக்கு வலி எப்படி இருக்கிறது என்று அதில் குறிக்க வேண்டும், எழுதிய நேரத்தையும் போட வேண்டும். மூன்று வாரம் கழித்து ஏடுகள் திரும்பி வந்தபோது, பத்துக்கு ஒன்பது பதிவுகள் உரிய நேரத்தில் எழுதப்பட்டதாகவே தெரிந்தது. ஆனால் ஏட்டின் அட்டைக்குள் வெளிச்சத்தை உணரும் கருவி ஒன்று மறைந்திருந்தது. ஏடு எப்போது திறந்தது, எப்போது மூடியது என்பதையெல்லாம் அது குறித்து வைத்திருந்தது. அதன்படி உரிய நேரத்தில் நிரப்பப்பட்டவை 11 சதவீதம் மட்டுமே. ஏறத்தாழ மூன்று நாளுக்கு ஒரு நாள் ஏடு திறக்கப்படவே இல்லை. அந்த நாட்களுக்கும் பதிவுகள் ஒழுங்காக இருந்தன!

ஆர்தர் ஸ்டோன், சால் ஷிஃப்மன் முதலானோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இது. பேனாவுக்குப் பதில் மின்னணுக் கருவியில் பதிவு செய்த இன்னொரு 40 பேர் 94 சதவீதம் உரிய நேரத்தில் பதிலளித்தார்கள். ஏட்டுக்காரர்களைப் பொய்யர்கள் என்று சொல்லிவிட முடியாது. விட்டுப்போனதைப் பிறகு உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பியிருக்கிறார்கள். சிக்கலே அந்த நினைவில்தான் இருக்கிறது. "போன வாரம் எப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டால் நாம் ஏழு நாளையும் கூட்டிச் சராசரி பார்ப்பதில்லை. மிகக் கடுமையாக இருந்த நேரமும் கடைசியாக இருந்த நேரமும் முன்னே வந்து நிற்கும், சொல்லும்போது இருக்கும் மனநிலையும் அதில் கலந்துவிடும்.

அதனால்தான் மனநிலையை அது நிகழும் இடத்திலேயே, நிகழும் நேரத்திலேயே கேட்கும் முறை வந்தது. சூழல்சார் கணநேர மதிப்பீடு என்பது அதன் பெயர். இன்று செல்போனில் மணி அடிக்கிறது, நாம் பதில் சொல்கிறோம். அந்த மணி எப்போது அடிக்க வேண்டும், அடித்ததும் என்ன கேட்க வேண்டும் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

ஓர் ஆய்வை வடிவமைத்துப் பார்ப்போம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் 60 பேர். ஆட்களோடு இருக்கும்போது இவர்கள் மனம் தெளிவாக இருக்கிறதா, தனியே இருக்கும்போதா என்பது கேள்வி. காலை 8 முதல் இரவு 10 வரையிலான 14 மணி நேரத்தை இரண்டு மணி நேரத் துண்டுகளாகப் பிரித்தால் ஏழு துண்டு. ஒவ்வொரு துண்டிலும் ஒரு முறை, ஏதோ ஒரு நிமிடத்தில் மணி அடிக்கும். தினமும் சரியாக 11 மணிக்கு அடித்தால் அந்த நேரத்து டீயும் அரட்டையும் மட்டும்தான் பதிவாகும். மணி வரப்போகிறது என்று ஆளும் தயாராகிவிடுவார். முழுக்கக் குருட்டாம்போக்கில் விட்டாலோ, மூன்று மணி அடுத்தடுத்து அடித்துவிட்டு அரை நாள் மௌனமாக இருக்கும். துண்டுக்குள் தற்செயல் என்பது இரண்டுக்கும் நடுவழி. அடுத்தடுத்த மணிகளுக்கு இடையே அரை மணி நேரமாவது இருக்கட்டும். பதில் சொல்ல 15 நிமிடம், அதற்கு மேல் போனால் திரை மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் பழைய குறிப்பேட்டுக் கதைதான்.

கேள்வியில், "மணி அடிப்பதற்குச் சற்று முன் எவ்வளவு எரிச்சலாக இருந்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். மணிச் சத்தமே எரிச்சல் தருவதாக இருக்கலாம் அல்லவா? மகிழ்ச்சி, நிம்மதி, எரிச்சல், கவலை, சோர்வு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை ஒரு கோடு. மனநிலையை முதலில் கேட்டுவிட்டு, யாரோடு இருக்கிறீர்கள் என்பதைப் பிறகுதான் கேட்க வேண்டும். "தனியாக இருக்கிறேன்" என்று எழுதியவுடன் "மகிழ்ச்சியா?" என்று கேட்டால் முதல் பதில் இரண்டாவதைத் தன் பக்கம் இழுக்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. "ஆட்களோடு" என்று சொன்னால் ஐந்து கேள்வி கூடுதலாகவும், "தனியாக" என்றால் ஒன்றுமில்லாமலும் இருந்தால், மூன்றாம் நாளுக்குள் எல்லோரும் தனியாகிவிடுவார்கள். இரண்டு பாதையும் சம நீளமாக இருக்க வேண்டும். மாணவர்களிடம் நடத்திப் பார்த்த ஓர் ஆய்வில், மணியின் எண்ணிக்கை கூடியதைவிட ஒவ்வொரு முறையும் கேட்கும் கேள்விகள் கூடியதுதான் அவர்களைச் சோர வைத்தது. 30 கேள்விக்குப் பதில் 60 கேட்டபோது விட்டுப்போன பதில்கள் கூடின, ஏனோதானோ பதில்களும் கூடின.

இத்தனை செய்தாலும் எல்லா மணிக்கும் பதில் வராது. பல நூறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சராசரியாக 79 சதவீதம் பதில் கிடைத்திருக்கிறது. மீதி ஐந்தில் ஒரு பங்கு எங்கே போனது என்பதுதான் கவலைக்குரியது. வண்டி ஓட்டும்போதும் சண்டை நடக்கும்போதும் அழும்போதும் யாரும் செல்போனை எடுப்பதில்லை. அப்படியானால் நமக்கு வந்து சேர்வது சற்றே அமைதியான மனநிலைகளின் தொகுப்பு. விட்டுப்போனவை தற்செயலா என்று பார்க்க ஒரு வழி, பதில் வராத மணிக்கு முந்தைய பதிலைப் பார்ப்பது. எரிச்சல் அதிகமாக இருந்த பதிலுக்கு அடுத்த மணி அடிக்கடி விட்டுப்போகிறது என்றால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குற்றம் செல்போனுடையதாகவும் இருக்கலாம். பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பு, திறக்காத செயலிகளை உறங்க வைத்துவிடும். மணி அடித்ததா இல்லையா என்பதைச் செயலியே பதிவு செய்தால்தான், அடித்தும் எடுக்காதவரையும் மணியே அடிக்காதவரையும் பிரித்தறிய முடியும். பதில் வந்தவற்றிலும், ஒரு கேள்விக்கு ஒரு நொடிகூட எடுக்காமல் எல்லாக் கோட்டிலும் ஒரே எண்ணை வைத்தவற்றைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

இனி கணக்கு. வியப்பு இங்கேதான். இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொள்வோம், ஆளுக்குப் பத்து பதில். முதலாமவர் எட்டு முறை தனியே இருந்தார், அப்போதெல்லாம் மகிழ்ச்சி 70. இரண்டு முறை ஆட்களோடு, அப்போது 80. இரண்டாமவர் இரண்டு முறை தனியே, மகிழ்ச்சி 40. எட்டு முறை ஆட்களோடு, 50. இருவருக்குமே ஆட்களோடு இருக்கும்போது 10 புள்ளி கூடுகிறது. இப்போது இருபது பதிலையும் ஒரே குவியலாகக் கொட்டிச் சராசரி எடுங்கள். தனியே இருந்தபோது 64, ஆட்களோடு இருந்தபோது 56. ஆட்களோடு இருந்தால் மகிழ்ச்சி 8 புள்ளி குறைகிறது என்று கணக்கு சொல்லும்!

கூட்டலில் பிழை எதுவும் இல்லை. இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதிகம் ஆட்களோடு இருப்பவர் மற்றவரைவிட மகிழ்ச்சியானவரா என்பது ஒரு கேள்வி. அதே ஆள், தனியே இருக்கும் தன் நேரத்தைவிட ஆட்களோடு இருக்கும் நேரத்தில் மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்பது இன்னொன்று. ஒவ்வொருவருடைய சொந்தச் சராசரியையும் முதலில் கணக்கிட்டு, ஒவ்வொரு பதிலும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தால் இரண்டும் பிரிந்துவிடும். பலநிலை மாதிரி எனப்படும் புள்ளியியல் முறை 60 பேருக்கும் ஒரே நேரத்தில் இதைச் செய்கிறது. ஆளுக்கு ஆள் அந்தப் 10 புள்ளி எப்படி மாறுகிறது, சிலருக்கு அது தலைகீழாகிறதா என்பதையும் சொல்கிறது. பகல் 12 மணி மனநிலை 2 மணி வரை தொடரும் என்பதால் அடுத்தடுத்த பதில்களைத் தனித்தனிச் செய்திகளாகவும் எண்ணக் கூடாது. அதே சமயம் இரவு 9 மணிப் பதிலையும் மறுநாள் காலை 8 மணிப் பதிலையும் அடுத்தடுத்தவை என்று கோத்துவிடக் கூடாது, நடுவில் ஒரு தூக்கம் இருக்கிறது.

எது எதற்குக் காரணம் என்பது அப்போதும் மிச்சம் இருக்கும். ஆட்கள் வந்ததால் மனம் தெளிந்ததா, மனம் தெளிந்ததால் ஆட்களைத் தேடிப் போனாரா? முந்தைய மணியின் மனநிலை அடுத்த மணியின் துணையை முன்கூட்டியே காட்டுகிறதா என்று பார்த்தால் ஒரு துப்புக் கிடைக்கும். ஆனால் இரண்டு மணிக்கு இடையில் நடந்தது எதையும் யாரும் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வந்து மறையும் கோபம் இரண்டு மணி நேர இடைவெளிக்குள் தடமில்லாமல் கரைந்துபோகும். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் மணியை நெருக்கி அடிக்க வேண்டும், கேள்வியைக் குறைக்க வேண்டும். ஆகவே எந்த உணர்வு எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்ற ஊகம், முதல் மணி அடிப்பதற்கு முன்பே ஆய்வாளரிடம் இருந்தாக வேண்டும்.