கிணற்றுநீர் அறிக்கையை வாசிப்பது எப்படி?

இடம்பெயர்ந்திருந்து காணிக்குத் திரும்பும்போது நாம் முதலில் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குகிறோம். பின்பு நீரை ஆய்வுக்குக் கொடுக்கிறோம். வரும் அறிக்கை ஒன்றில் ppm என்றும் மற்றதில் mg/L என்றும் இருந்தால் எப்படி ஒப்பிடுவது?

ppm என்பது நிறையின்படி பத்து இலட்சம் பங்கில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும். mg/L என்பது ஒரு லீற்றர் நீரில் எத்தனை மில்லிகிராம் கரைந்துள்ளது என்பதைக் குறிக்கும். ஒரு லீற்றர் கிணற்றுநீரின் நிறை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். ஒரு கிலோகிராம் என்பது பத்து இலட்சம் மில்லிகிராம். எனவே 1 ppm என்பதும் 1 mg/L என்பதும் ஒன்றே. பெருக்கவோ பிரிக்கவோ வேண்டியதில்லை. கடல்நீர் மட்டும் லீற்றருக்கு ஏறத்தாழ 1.025 கிலோகிராம் நிறையுள்ளதால், அங்கே ppm எண்ணை 1.025 ஆல் பெருக்க வேண்டும். குடிக்கக்கூடிய கிணற்றுநீருக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல.

ஆனால் நாம் தவறுவது வேறோர் இடத்தில். யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாகப் பசளையும் மலசலகூடக் குழியின் கசிவும் கிணற்றை அடைந்து நைத்திரேற்றைக் கூட்டுகின்றன. ஆய்வுகூடங்கள் இதனை இரண்டு விதமாக எழுதும். NO3 என்றிருந்தால் அது முழு நைத்திரேற்று. NO3-N என்றிருந்தால் அதிலுள்ள நைதரசன் மட்டும்.

ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். முதல் அறிக்கையில் NO3 62 ppm. அடுத்த ஆண்டு வேறோர் ஆய்வுகூடத்தின் அறிக்கையில் NO3-N 14 mg/L. 62 இலிருந்து 14 ஆகக் குறைந்துவிட்டது, நீர் நல்லதாகிவிட்டது என்று வீட்டார் மகிழ்வார்கள். ஆனால் நைதரசன் கணக்கை முழு நைத்திரேற்றாக்க 4.43 ஆல் பெருக்க வேண்டும். 14 × 4.43 = 62. நீர் சிறிதும் மாறவில்லை. எழுதிய முறைதான் மாறியது.

உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குக் கூறும் அளவு NO3 ஆக 50 mg/L. அதுவே NO3-N ஆக ஏறத்தாழ 11. ஆகவே 14 என்ற சிறிய எண்ணும் அளவை மீறியதே. இந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ இல்லை. கொதிக்க வைத்தாலும் அது போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். குழந்தைக்கு வேறு நீரே தேட வேண்டும்.

ஆகவே அறிக்கை கிடைத்ததும் எண்ணுக்கு முன் அதன் பக்கத்து எழுத்தைப் பார்ப்போம். நைத்திரேற்று என்று மட்டும் இருந்தால், முழு நைத்திரேற்றா, நைதரசனா என்று ஆய்வுகூடத்திடமே கேட்டு, விடையை அறிக்கையிலேயே எழுதி வைப்போம். அடுத்த அறிக்கை வரும்போது ஒப்பிட அது உதவும்.